நாலு திறப்பு, நாலு மூடல், ஆனாலும் பிழை

எக்செல் பிழை என்று சொன்ன ஃபார்முலாவில் அடைப்புக்குறிகளை விரல் விட்டு எண்ணினேன். திறப்பவை நாலு, மூடுபவை நாலு. மறுபடி எண்ணினேன். அதே நாலு, அதே நாலு. என்டர் தட்டினால் அதே பெட்டி மறுபடி வந்து நின்றது:

```
You've entered too many arguments for this function.
```

எந்த ஃபங்ஷனுக்கு? அதை எக்செல் சொல்வதில்லை. "this function" என்று மட்டும் சொல்லும். என் ஃபார்முலாவில் மூன்று ஃபங்ஷன்கள் இருந்தன. அவற்றில் இரண்டுக்கு ஒரே பெயர். மூன்று பேர் நிற்கும் வரிசையில் "அவர்தான் தப்பு செய்தார்" என்று பொத்தாம்பொதுவாகக் கை நீட்டுவது போல இருந்தது.

வேலை பெரிதொன்றுமில்லை. ஒரு வார வேலை நேரத்துக்குச் சம்பளம் போட வேண்டும். B பத்தியில் ஆள் வேலை பார்த்த மணி, C பத்தியில் ஒரு மணிக்கான கூலி. 40 மணி வரை சாதாரணக் கூலி, அதற்கு மேல் போனால் போன மணிக்கு மட்டும் ஒன்றரை மடங்கு. விடையை இரண்டு தசமத்துக்குச் சுருக்க வேண்டும். மணி இன்னும் நிரப்பாத வரியில் எதுவும் தெரியக்கூடாது. நான் அடித்தது இது:

```
=IF(B2="","",ROUND(IF(B2>40,40*C2+(B2-40)*C2*1.5,B2*C2,2)))
```

அவசரமாகப் பார்த்தால் குறையே தெரியாது. நானும் அவசரமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் அவசரமாகப் பார்த்தேன்.

பக்கத்து மேசையில் இருந்த அண்ணன், கணக்குத் தாள்களோடு ரொம்ப வருடம் புழங்கியவர், என் பெருமூச்சு தாங்காமல் எழுந்து வந்தார். "எண்ணாதீங்க தம்பி, எண்ணி என்ன ஆகப்போகுது? கலரைப் பாருங்க" என்றார். கலர் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் அது அழகுக்குப் போட்டது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

எண்ணிக்கை என்ன சொல்கிறது என்று யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது உடனே விளங்கும். நாலு திறந்திருக்கிறது, நாலு மூடியிருக்கிறது என்று மட்டும் அது சொல்லும். எது எதை மூடுகிறது என்று சொல்லாது. வீட்டில் நாலு பாத்திரம், நாலு மூடி. எண்ணிக்கை சரி. ஆனால் சின்ன மூடி பெரிய பாத்திரத்துக்குள் விழுந்து கிடக்கலாம். என் ஃபார்முலாவில் நடந்தது அதுதான். அடைப்புக்குறி எதுவும் குறையவில்லை, கூடவும் இல்லை. ஒன்று மட்டும் இரண்டு எழுத்து தள்ளிப் போய் உட்கார்ந்திருந்தது.

சரி, கலரை எப்படிப் பார்ப்பது? செல்லைச் சும்மா தேர்ந்தெடுத்தால் ஃபார்முலா பாரில் எல்லாம் ஒரே கறுப்பாகத்தான் தெரியும். ஃபார்முலா பாருக்குள் கிளிக் செய்ய வேண்டும், அல்லது F2 தட்ட வேண்டும். அப்போதுதான் நிறம் வரும். வெளியே இருக்கும் முதல் ஜோடிக்குக் கறுப்பு. அதற்கு உள்ளே இருக்கும் ஜோடிக்கு வேறு நிறம், அதற்கும் உள்ளே இன்னொன்று. எந்த ஆழத்துக்கு என்ன நிறம் என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை. திறப்பும் மூடலும் ஒரே நிறமாக இருந்தால் அவை ஒரே ஆழம், அது தெரிந்தால் போதும். நிறத்துக்குப் பதிலாக எண் போட்டுக் காட்டுகிறேன். 1 என்றால் கறுப்பு, 2 என்றால் அதற்கு உள்ளே. என் ஃபார்முலா இப்படி இருந்திருக்க வேண்டும்:

```
IF(.. ROUND( IF(.. (B2-40).. B2*C2 ) ,2 ) )
  1        2   3   4     4         3    2 1
```

இருந்ததோ இப்படி:

```
IF(.. ROUND( IF(.. (B2-40).. B2*C2 ,2 ) ) )
  1        2   3   4     4            3 2 1
```

இரண்டிலும் கடைசி அடைப்புக்குறி 1, அதாவது கறுப்பு. இதைக் கவனியுங்கள். "கடைசி அடைப்புக்குறி கறுப்பாக இருந்தால் ஃபார்முலா சரி" என்று பலரும் ஒரு விதி சொல்வார்கள். அந்த விதி பாதிதான் உண்மை. கடைசி கறுப்பாக இல்லாவிட்டால் எண்ணிக்கை பொருந்தவில்லை என்று நிச்சயமாகச் சொல்லலாம். ஃபார்முலா முடியும் முன்பே கறுப்பு மூடல் வந்துவிட்டு அதற்குப் பின்னும் ஏதோ தொங்கிக்கொண்டிருந்தால், மூடல் ஒன்று கூடியிருக்கலாம், அல்லது முன்கூட்டியே வந்திருக்கலாம். ஆனால் கடைசி கறுப்பாக இருக்கிறது என்பதால் நடுவில் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. அது எண்ணிக்கையைத்தான் சோதிக்கிறது, இடத்தை அல்ல. நான் விரலால் செய்ததை அது நிறத்தால் செய்கிறது, அவ்வளவுதான்.

இடத்தைப் பார்க்க, 3 என்ற நிறத்தைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். உள்ளே இருக்கும் IF எங்கே திறக்கிறது, அதே நிறம் எங்கே மூடுகிறது? `B2*C2` முடிந்ததும் மூட வேண்டியது, `,2`-ஐயும் வாயில் போட்டுக்கொண்டு அதற்கு அப்புறம் மூடியிருக்கிறது. அந்த 2 யாருக்குச் சேர வேண்டியது? இரண்டு தசமம் என்று ROUND-க்குச் சொல்ல வேண்டிய எண். அதை IF விழுங்கிவிட்டது. IF-க்கு மூன்று ஆர்க்யுமென்ட்தான் கொள்ளும்: நிபந்தனை, சரியானால் என்ன, தவறானால் என்ன. நாலாவது வந்ததும் கத்திவிட்டது. ROUND-இன் பக்கம் பார்த்தால் அதற்கு இரண்டு வேண்டும், ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. ஆக, "அடைப்புக்குறி பொருந்தவில்லை" என்பதும் "ஆர்க்யுமென்ட் அதிகம்" என்பதும் "ஆர்க்யுமென்ட் குறைவு" என்பதும் பல நேரம் ஒரே நோய்தான். ஒரு மூடல் இடம் மாறினால் ஒருவனுக்கு ஒரு உருப்படி கூடுகிறது, பக்கத்தில் இருப்பவனுக்கு ஒன்று குறைகிறது. எக்செல் இரண்டில் ஒன்றைப் பற்றித்தான் புகார் செய்யும்.

நிறங்களைப் பார்ப்பதில் இரண்டு சின்னச் சிக்கல் உண்டு. ஒன்று, அருகருகே இருக்கும் இரண்டு ஜோடிகள் ஒரே ஆழத்தில் இருந்தால் இரண்டுக்கும் ஒரே நிறம். முதலாவதன் திறப்பையும் இரண்டாவதன் மூடலையும் கண் ஜோடி சேர்த்துவிடும். இன்னொன்று, B2, C2 போன்ற செல் பெயர்களுக்கும் எக்செல் நிறம் பூசும். அது தாளில் எந்தச் செல் என்று காட்டும் நிறம். அடைப்புக்குறியின் நிறத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முதல் நாள் நான் இதைக் குழப்பிக்கொண்டு, ஒரு செல் பெயரும் ஒரு அடைப்புக்குறியும் ஒரே நிறமாக இருப்பதற்குப் பெரிய அர்த்தம் தேடிக்கொண்டிருந்தேன்.

இதற்கெல்லாம் அண்ணன் காட்டிய மாற்று, அம்புக்குறி விசை. கர்சரை அம்புக்குறியால் நகர்த்தி ஒரு அடைப்புக்குறியைத் தாண்டும்போது, அதுவும் அதன் ஜோடியும் ஒரு கணம் தடித்துத் தெரியும். கண் சிமிட்டினால் தவறிப்போகும், அவ்வளவு சின்னக் கணம். ஆனால் நிறத்தைவிட நம்பகமானது. நிறம் பிரித்தறிவதில் சிரமம் உள்ளவர்களுக்கும் இது உதவும். ஒரு மூடல் மேல் முன்னும் பின்னுமாக நாலு தரம் போய்வந்தால், இடது பக்கம் எங்கே தடிக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்துவிடும்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு காலி செல்லில் `=` போட்டுப் புதிதாக அடித்துக்கொண்டிருக்கும்போது அம்புக்குறியைத் தட்டினால் கர்சர் ஃபார்முலாவுக்குள் நகராது. பக்கத்துச் செல்லின் பெயர் வந்து ஃபார்முலாவில் ஒட்டிக்கொள்ளும், அல்லது ஃபார்முலா பாதியில் முடிந்து பிழைப் பெட்டி வரும். எக்செல் ஜன்னலின் இடது கீழ் மூலையில் ஒரு சொல் இருக்கும். அது `Enter` என்றோ `Point` என்றோ இருந்தால் அம்புக்குறி செல்களை மேயும். `Edit` என்று இருந்தால்தான் ஃபார்முலாவுக்குள் நடக்கும். F2 தட்டினால் மாறும். இத்தனை வருடம் அந்த மூலையில் அப்படி ஒரு சொல் இருந்ததே எனக்குத் தெரியாது.

நிறம் சொல்லாத ஒன்றை ஃபார்முலாவுக்குக் கீழே வரும் சின்னக் குறிப்புப் பட்டை சொல்லும். கர்சர் எந்த ஃபங்ஷனின் அடைப்புக்குள் நிற்கிறதோ, அந்த ஃபங்ஷனின் பெயரும் ஆர்க்யுமென்ட் பெயர்களும் அதில் வரும். கர்சர் இப்போது எந்த ஆர்க்யுமென்டில் இருக்கிறதோ அது தடித்திருக்கும். என் ஃபார்முலாவில் அந்த 2-க்குப் பக்கத்தில் கர்சரை வைத்தேன். ROUND என்று வந்திருக்க வேண்டும். வந்தது இது:

```
IF(logical_test, [value_if_true], [value_if_false])
```

ரவுண்டுக்குப் போட்ட எண்ணின் மேல் நின்றுகொண்டு IF-ஐப் பார்க்கிறேன் என்றால், அந்த எண் தப்பான வீட்டில் குடியிருக்கிறது என்று அர்த்தம். முக்கால் மணி நேரப் பெருமூச்சு இந்த ஒரு பார்வையில் முடிந்தது. ஒரு மூடலை இரண்டு எழுத்து இடது பக்கம் நகர்த்தினேன்:

```
=IF(B2="","",ROUND(IF(B2>40,40*C2+(B2-40)*C2*1.5,B2*C2),2))
```

46 மணி, மணிக்கு 20 என்று போட்டுப் பார்த்தேன். 40 மணிக்கு 800, மீதி 6 மணிக்கு ஒன்றரை மடங்காக 180, மொத்தம் 980. வந்தது.

மறுநாள் அதே ஃபார்முலாவை இன்னொரு தாளில் நினைவிலிருந்து அடித்தேன். காப்பி அடித்திருக்கலாம். கர்வம் விடவில்லை. மறுபடி அதே பெட்டி, அதே வாசகம். இந்த முறை இப்படி:

```
=IF(B2="","",ROUND(IF(B2>40,40*C2+(B2-40)*C2*1.5),B2*C2),2)
```

நாலு திறப்பு, நாலு மூடல், கடைசி கறுப்பு. 2 மேல் கர்சர் வைத்தால் குறிப்புப் பட்டையில் மறுபடியும் IF. அப்படியானால் நேற்றைய தப்புதானா? இல்லை. பட்டை IF என்றுதான் சொல்கிறது, எந்த IF என்று சொல்லவில்லை. இங்கேதான் நிறம் கைகொடுத்தது. நேற்று அந்த 2, மூன்றாம் நிற ஜோடிக்குள் இருந்தது. இன்று அதைச் சுற்றி இருந்தது கறுப்பு மட்டும்தான். அதாவது வெளி IF-க்குள் நேராக விழுந்து அதன் நாலாவது ஆர்க்யுமென்ட் ஆகியிருக்கிறது. காரணம் உள் IF சீக்கிரமே, `1.5`-க்குப் பின்னால், மூடிக்கொண்டதுதான். உள் IF அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஏனென்றால் மூன்றாவது ஆர்க்யுமென்ட் அதற்குக் கட்டாயமில்லை. இரண்டே போதும், நிபந்தனை பொய்யானால் `FALSE` என்று விடை சொல்லிவிட்டுப் போய்விடும். உள்ளிருந்து வெளியே தள்ளப்பட்ட `B2*C2`, ROUND-இன் இரண்டாவது ஆர்க்யுமென்ட் ஆகிவிட்டது. ROUND-உம் மகிழ்ச்சியாக வாங்கிக்கொண்டது. தள்ளிக்கொண்டே வந்து கடைசியில் வெளியே நின்றவன் தலையில் பழி விழுந்தது. புகார் செய்யும் ஃபங்ஷனில்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு அதையே உற்றுப் பார்த்தால் பிடிபடாது. தப்பு இரண்டு ஜோடி உள்ளே இருந்தது.

அதனால் நான் இப்போது உள்ளேயிருந்துதான் தொடங்குகிறேன். ஆக உள்ளே இருக்கும் ஜோடியைப் பிடித்து, அது மூடும் இடத்தில் நின்று, "உனக்கு வேண்டியது எல்லாம் உள்ளே வந்துவிட்டதா, வேண்டாதது எதுவும் வந்துவிட்டதா" என்று பார்த்துவிட்டு ஒரு நிறம் வெளியே வருவேன். குறிப்புப் பட்டையில் இருக்கும் ஆர்க்யுமென்ட் பெயரைக் கிளிக் செய்தால், அந்தப் பெயருக்குரிய பகுதி முழுவதும் ஃபார்முலாவில் தேர்வாகும். `[value_if_true]` மேல் கிளிக் செய்தால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எக்செலே பூசிக் காட்டிவிடும். நான் நினைத்த இடத்தில் அது முடியாவிட்டால், முடிகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் கோளாறு.

இதுவரை சொன்னது எக்செல் மறுக்கும் ஃபார்முலாக்கள். மறுப்பது நல்லது. எனக்கு நிஜமாகவே பயம் தருவது மறுக்காமல் விட்டுவிடும் ஃபார்முலாக்கள்.

அதே வேலையில் இன்னொரு கணக்கு இருந்தது. ஒருவர் வாரத்தில் எத்தனை குறைவாக வேலை பார்த்தாலும் 10 மணிக்கான கூலி உறுதி. ஐந்து நாள் மணி B2 முதல் F2 வரை. மொத்தத்தையும் 10-ஐயும் ஒப்பிட்டுப் பெரியதை எடுக்க வேண்டும். நான் அடித்ததில் ஒரு மூடல் விடுபட்டுப் போயிற்று:

```
=MAX(SUM(B2:F2,10)
```

இப்படி மூடல் குறையும்போது எக்செல் உதவி செய்யப் பார்க்கும். `=SUM(B2:F2` போன்ற எளியதற்குக் கேட்காமலே மூடலைப் போட்டுக்கொள்ளும். சிக்கலானதற்கு "We found a typo in your formula and tried to correct it to:" என்று ஒரு பெட்டி வைத்து, திருத்திய வடிவத்தைக் காட்டி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்கும். பெட்டியைப் பார்த்ததும் ஆம் என்று தட்டுகிற கை என்னுடையது. அது மூடலை எங்கே போடும்? கடைசியில். நான் விட்டது கடைசியிலா என்று அதற்கு எப்படித் தெரியும்? செல்லில் தங்கியது இது:

```
=MAX(SUM(B2:F2,10))
```

வேண்டியது இது:

```
=MAX(SUM(B2:F2),10)
```

6, 7, 7, 6, 8 என்று மணிகள் இருந்த வரியில் விடை 34 வந்திருக்க வேண்டும். 44 வந்தது. பிழை என்று எக்செல் சொல்லவில்லை, சொல்லவும் வழியில்லை. SUM, MAX, AND, OR, COUNT இவையெல்லாம் 255 ஆர்க்யுமென்ட் வரை வாங்கிக்கொள்ளும். இன்னொரு எண் உள்ளே வந்தால் அதையும் கூட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். மூன்று மட்டும் கொள்ளும் IF, இரண்டு மட்டும் கொள்ளும் ROUND போல இவற்றுக்கு வயிறு நிரம்புவது கிடையாது. அதனால் மூடல் இடம் மாறினால் IF-உம் ROUND-உம் காட்டிக் கொடுத்துவிடும், SUM மறைத்துவிடும். எல்லாருக்கும் 10 மணி கூடுதலாகப் போய்க்கொண்டிருந்தது. 44 என்பது ஒரு வாரத்துக்கு நம்பும்படியான எண் வேறு. 6 மணி மட்டும் வேலை பார்த்த ஒருவருக்கு 16 என்று வந்ததால்தான் கண்ணில் பட்டது. பத்துக்குக் குறைந்தால் பத்து என்று வரவேண்டிய இடத்தில் பதினாறு எப்படி வரும்?

இங்கே நிறத்தைப் பார்த்தால் எல்லா ஜோடியும் ஒழுங்காகத்தான் இருக்கும். நிறம் "இது சட்டப்படி சரி" என்று சொல்லும். நான் நினைத்ததா என்று சொல்லாது. ஆனால் அதையே கேள்வியாக மாற்றிக்கொள்ளலாம்: SUM-இன் நிறம் எந்த எழுத்துக்கு அப்புறம் மூடுகிறது? 10-க்கு அப்புறம். அப்படியானால் 10 உள்ளே இருக்கிறது. அது போதும். சந்தேகம் தீரவில்லை என்றால் `SUM(B2:F2,10)` என்ற துண்டை மட்டும் தேர்ந்தெடுத்து F9 தட்டலாம். அந்தத் துண்டின் மதிப்பு, 44, அதே இடத்தில் வந்து நிற்கும். பார்த்த கையோடு Esc தட்ட வேண்டும். என்டர் தட்டினால் ஃபார்முலாவுக்குள் அந்த எண் நிரந்தரமாகக் குடியேறிவிடும். இதையும் ஒரு தரம் செய்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

அடைப்புக்குறிகள் எல்லாம் கச்சிதமாக இருந்தும் "ஆர்க்யுமென்ட் அதிகம்" வரும் ஒரு வழி உண்டு. ஆயிரத்தை நாம் கையால் எழுதும் பழக்கத்தில் கமா போட்டு அடித்தால்:

```
=IF(C2>1,000,"பெரியது","சிறியது")
```

நமக்கு 1,000 ஓர் எண். எக்செலுக்கு அந்தக் கமா ஆர்க்யுமென்டைப் பிரிக்கும் கமா. `C2>1` முதலாவது, `000` இரண்டாவது, அப்புறம் இரண்டு சொற்கள். ஆக நாலு. நிறத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் இது தெரியாது, அடைப்புக்குறியில் ஒரு தப்பும் இல்லை. குறிப்புப் பட்டை தெரிவித்துவிடும்: கர்சரை `000`-க்குள் வைத்தால் `[value_if_true]` தடிக்கும். நிபந்தனைக்குள் நிற்கிறோம் என்று நினைத்த இடத்தில் இரண்டாவது ஆர்க்யுமென்ட் தடித்தால் கமாவைத் தேடுங்கள். தசமத்துக்குக் கமா பயன்படுத்தும் நாடுகளின் அமைப்பில் எக்செல் ஆர்க்யுமென்டுகளை அரைப்புள்ளியால் பிரிக்கும். அங்கே எழுதிய ஃபார்முலாவை வேறு அமைப்பிலுள்ள கணினியில் அப்படியே எழுத்தாக ஒட்டினால் ஏற்காது, அதுவும் இதே குடும்பத்துப் பிழை.

மேற்கோள் குறியும் அப்படித்தான். ஒரு `"` மூடாமல் விட்டால், அதற்குப் பின்னால் அடுத்த `"` வரை வருவது எல்லாம் வெறும் எழுத்து ஆகிவிடும், அடைப்புக்குறிகள் உட்பட. அம்புக்குறியால் தாண்டிப் பார்த்தால் எதுவும் தடிக்காது. அதுதான் அடையாளம். ஆவணம் எழுதும் மென்பொருளிலிருந்து ஒட்டினால் வளைந்த மேற்கோள் குறி வந்து சேரும், அதை எக்செல் மேற்கோளாகவே எடுத்துக்கொள்ளாது.

கூகுள் ஷீட்ஸ் இந்த விஷயத்தில் கொஞ்சம் இரக்கம் உள்ளது. அது ஃபார்முலாவைத் திருப்பி எறியாது. செல்லில் `#N/A` போட்டுவிட்டு, மேலே மவுஸை வைத்தால் இப்படிச் சொல்லும்:

```
Wrong number of arguments to IF. Expected between 2 and 3 arguments, but got 4 arguments.
```

ஃபங்ஷனின் பெயர், எத்தனை கொள்ளும், எத்தனை வந்தது, மூன்றும் ஒரே வரியில். இதை எக்செலும் சொல்லியிருந்தால் என் முக்கால் மணி நேரம் மிஞ்சியிருக்கும். லிப்ரே ஆஃபீஸ் `Err:508` என்று போட்டால் அடைப்புக்குறி ஜோடி பொருந்தவில்லை என்று அர்த்தம். எண்ணைப் பார்த்துப் பொருள் தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எதுவானாலும் இவையெல்லாம் ஃபார்முலாவைச் செல்லில் வைத்துக்கொண்டு பேசும். எக்செல் அப்படி இல்லை. சரியாக்கும்வரை செல்லை விட்டு வெளியே போக விடாது. Esc தட்டினால் அடித்தது எல்லாம் போய்விடும். அந்தச் சிறையிலிருந்து வெளியே வர நான் செய்வது, `=`-க்கு முன்னால் ஒரு `'` போட்டு என்டர் தட்டுவது. ஃபார்முலா வெறும் எழுத்தாகச் செல்லில் தங்கிவிடும். தண்ணீர் குடித்துவிட்டு வந்து, `'`-ஐ எடுத்துவிட்டு ஆற அமரப் பார்க்கலாம்.

இப்போதெல்லாம் ஃபங்ஷன் பெயரை அடித்ததும் திறப்பையும் மூடலையும் சேர்த்தே போட்டுவிட்டு, அப்புறம் நடுவில் போய் நிரப்புகிறேன். கொஞ்சம் நீளமானால் Alt+Enter அழுத்தி வரி உடைக்கிறேன், Ctrl+Shift+U தட்டினால் ஃபார்முலா பார் உயரமாகத் திறந்துகொள்ளும்:

```
=IF(B2="","",
ROUND(
IF(B2>40,
40*C2+(B2-40)*C2*1.5,
B2*C2),
2))
```

வரி உடைப்பால் கணக்கு மாறாது. 2 என்ற எண் தனி வரியில் நிற்பதால், அதற்கு முன்னால் மூடல் வந்துவிட்டதா என்று நிறம் இல்லாமலே தெரிகிறது.

இதை அண்ணனிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லா இருக்கு தம்பி. அந்த நாற்பதை ஏன் மூணு இடத்துல அடிச்சிருக்கீங்க? ஒரு செல்லுல வெச்சுக்கிட்டா நாளைக்கு மாத்துறது சுலபம்ல" என்றார். E1-இல் 40 போட்டு, மூன்று இடத்திலும் `$E$1` என்று மாற்றினேன். அப்படி மாற்றும்போது ஒரு மூடலைச் சேர்த்து அழித்துவிட்டேன். கடைசி அடைப்புக்குறி கறுப்பாக இல்லை.